மூன்று வரி வித்தியாசம்: ஒரு மளிகை நிறுவனத்தில் சத்தமில்லாமல் காணாமல் போன விற்பனை

பினாங்கில் ஒன்பது கிளைகள் கொண்ட ஒரு மளிகை நிறுவனத்தில், ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நடந்த சம்பவம் இது. நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன். அந்த விற்பனைக் கணக்கின் பைப்லைனை எழுதியதும் பார்த்துக்கொண்டதும் நான்தான். தவறில் பெரிய பங்கும் என்னுடையதுதான்.

பின்னணி

கிடங்கு பிறை என்ற ஊரில் இருக்கிறது. கடைகள் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் என்று பெருநிலத்தில் ஆறு, தீவுப் பக்கம் மூன்று. ஒவ்வொரு கடையும் இரவு கல்லாவை மூடியதும் அன்றைய விற்பனையை ஒரு சிஎஸ்வி கோப்பாக அனுப்பும். பில்லில் உள்ள ஒவ்வொரு சரக்கும் கோப்பில் ஒரு வரி. (வரி என்று நான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்வது இதைத்தான், அரசாங்கத்துக்குக் கட்டும் வரியை அல்ல.)

பைப்லைனில் நான்கு படிகள் இருந்தன. முதல் படியில் ஒன்பது கோப்புகளும் அப்படியே போஸ்ட்கிரஸ் அட்டவணை ஒன்றில் ஏறும். இரண்டாவது படி சுத்தம் செய்வது: ரத்தான வரிகளையும், இணையத் தொடர்பு அறுந்து கடை இரண்டாவது முறை அனுப்பிய வரிகளையும் நீக்கும். மூன்றாவது படியில் ஒவ்வொரு வரியும் சரக்குப் பட்டியலோடு ஜாயின் ஆகி, சரக்கின் பெயர், வகை, சப்ளையர் ஆகியவற்றைப் பெற்றுக்கொள்ளும். நான்காவது படி அதையெல்லாம் கூட்டி, முதலாளி காலையில் பார்க்கும் டாஷ்போர்டையும், கிடங்கு பார்க்கும் மறுகொள்முதல் பட்டியலையும் தயாரிக்கும். கடந்த 28 நாள் விற்பனையின் சராசரியை வைத்து எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை, எத்தனை பெட்டி அனுப்பலாம் என்று சொல்வதுதான் அந்தப் பட்டியல்.

சோதனை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. முதல் படியில் ஏறிய வரிகளையும் மூன்றாவது படியில் வெளிவந்த வரிகளையும் எண்ணி, வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் இருந்தால் என் கைப்பேசிக்கு OK என்று ஒரு செய்தி வரும். அந்த 2 சதவீதத்தை நான்தான் வைத்தேன். ரத்துகளும் இரட்டிப்புகளும் எப்படியும் சில வரிகளைக் குறைக்கும், அது நாளுக்கு நாள் மாறும், அதனால் கொஞ்சம் இடம் விடவேண்டும் என்பது அன்றைய நினைப்பு.

முதல் சந்தேகம்

தீபாவளிக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் இருந்தபோது நிபோங் திபால் கடை மேலாளர் போன் செய்தார். "அண்ணே, நேத்து மட்டும் பத்து கிலோ அரிசி பதினொரு மூட்டை வித்திருக்கேன். கிடங்குல இருந்து ரெண்டு மூட்டைதான் வந்திருக்கு. கேட்டா சிஸ்டம் அவ்வளவுதான் சொல்லுதுங்கிறாங்க. கடையில அரிசி இல்லாம தீபாவளி கொண்டாடச் சொல்றீங்களா?"

அவர் கோபம் நியாயமானது. நான் பார்த்தது கைப்பேசியைத்தான். முந்தைய இரவு OK வந்திருந்தது, அதற்கு முந்தைய இரவும் அப்படியே. "வரி எண்ணிக்கை சரியாத்தானே இருக்கு" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கிடங்கு பழைய பட்டியலை வைத்து லாரி ஏற்றியிருக்கும் என்று முடிவுகட்டினேன். கிடங்குத் தம்பிகளோடு அரை நாள் வீணாகப் போனது. அவர்கள் சரியான பட்டியலைத்தான் வைத்திருந்தார்கள்.

மறுநாள் கணக்குப் பிரிவு அக்கா ஒரு கட்டுக் காகிதத்தை என் மேசையில் வைத்தார். ஒன்பது கடைகளின் Z அறிக்கைகள், அதாவது நாள் முடிவில் கல்லா இயந்திரமே அச்சிட்டுத் தரும் மொத்தம். அவற்றை வங்கியில் போட்ட பணத்தோடும் அட்டை, இ-வாலட் தொகைகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவருடைய தினசரி வேலை. அது எப்போதும் பொருந்தியது. ஆனால் டாஷ்போர்டோடு அவர் ஒருநாளும் ஒப்பிட்டதில்லை, அவரிடம் யாரும் அதைக் கேட்டதும் இல்லை. மேலாளரின் புகாரைக் கேள்விப்பட்டு, அன்று முதல் முறையாகக் கூட்டிப் பார்த்திருக்கிறார்.

"தம்பி, கல்லா 71,436.90 வெள்ளின்னு சொல்லுது. உங்க ஸ்கிரீன் 69,336.35ன்னு சொல்லுது. ரெண்டாயிரத்து நூறு வெள்ளி எங்கப்பா போச்சு?"

ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டது

மாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் துருவுவதை விட்டுவிட்டு, அக்கா காட்டிய அந்த ஒரு நாளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு படி முடிந்ததும் இரண்டு எண்களை எழுதினேன்: எத்தனை வரி, எவ்வளவு தொகை. கணக்குப் பிரிவில் இந்த இரண்டாவது எண்ணைக் கட்டுப்பாட்டுத் தொகை என்பார்கள்.

கோப்புகளில் 4,871 வரிகள், 72,105.90 ரிங்கிட். முதல் படியில் அட்டவணையில் ஏறியதும் அதே 4,871, அதே தொகை. இங்கே ஒன்றும் தொலையவில்லை.

சுத்தம் செய்த பிறகு 4,812 வரிகள், 71,438.25 ரிங்கிட். குறைந்த 59 வரிகளில் 41 ரத்தானவை, 549.15 ரிங்கிட். மீதி 18 இரட்டிப்பாக வந்தவை, 118.50 ரிங்கிட். இரண்டையும் கூட்டினால் 667.65, குறைந்த தொகையும் அதுவே. இந்தப் படியும் சுத்தம்.

இங்கே ஒரு சின்ன முடிச்சு. சுத்தம் செய்த தொகை 71,438.25, கல்லா சொல்வது 71,436.90. இடையில் 1.35 ரிங்கிட் வித்தியாசம். மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்க பில்லின் மொத்தம் அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்யப்படுகிறது. அட்டையில் கட்டினால் அந்தச் சரிக்கட்டல் கிடையாது. Z அறிக்கையில் அது உண்டு, பில்லின் வரிகளில் இல்லை. அறிக்கையின் அடியில் சரிக்கட்டல் தனி வரியாகவே அச்சாகியிருந்தது. ஒன்பது கடைக்கும் சேர்த்து மைனஸ் 1.35. இதை எழுதக் காரணம், இந்த மாதிரி சில்லறையைப் பார்த்துத்தான் பலரும் "கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்" என்று ஒரு சதவீதத்தை வைத்துவிடுகிறார்கள். அந்த வித்தியாசத்துக்கு ஒரு பெயரும் ஒரு எண்ணும் இருந்தது.

மூன்றாவது படிக்கு வந்தேன். உள்ளே போனது 4,812 வரிகள், வெளியே வந்தது 4,809. மூன்றே மூன்று வரிகள் குறைவு. தொகையோ 71,438.25இலிருந்து 69,336.35க்கு இறங்கியிருந்தது. 2,101.90 ரிங்கிட். மூன்று வரியில் இரண்டாயிரம் வெள்ளி என்றால் ஒரு வரி எழுநூறு வெள்ளி. மளிகைக் கடையில் அப்படி ஒரு சரக்கு ஏது?

காணாமல் போனது அறுபத்து நான்கு

சரக்குப் பட்டியலில் இணை கிடைக்காத வரிகளைத் தேடும் கேள்வி எளிதானதுதான். தேதி நிபந்தனையை விட்டுவிட்டுத் தருகிறேன்:

```sql
SELECT j.kod_barang, count(*), sum(j.jumlah)
FROM jualan_bersih j
LEFT JOIN barang b ON b.kod_barang = j.kod_barang
WHERE b.kod_barang IS NULL
GROUP BY j.kod_barang;
```

மூன்று வரிகள் வரும் என்று பார்த்தால், எண்ணிக்கைகளைக் கூட்டியபோது 64 வந்தன. தொகை 2,316.50. எல்லாமே பெரிய சாமான்கள்: பத்து கிலோ அரிசி, ஐந்து கிலோ எண்ணெய், ஆட்டா மூட்டை. எல்லா எண்களும் சுழியத்தில் தொடங்கின: 00012, 00015, 00021.

நிறுவனம் கணினிக்கு மாறியபோது முதலில் எண் கொடுக்கப்பட்டவை அரிசி, எண்ணெய், மாவு. அதனால்தான் அவற்றுக்குச் சுழிய எண்கள். பிறகு வந்த ஆயிரக்கணக்கான பொட்டலங்களுக்கு 1, 2 என்று தொடங்கும் எண்கள். 23 நாள்களுக்கு முன்னால், தீபாவளி விலை மாற்றத்துக்காகக் கொள்முதல் பிரிவில் ஒருவர் சரக்குப் பட்டியலின் ஒரு பகுதியை எக்செலில் திறந்து, விலையை மாற்றி, சேமித்திருக்கிறார். சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால், எண்போல் தெரிவதை எக்செல் எண்ணாகவே எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள சுழியங்களை விழுங்கிவிடும். 00012 வெறும் 12 ஆனது. கடைகளிலிருந்து வந்த கோப்பில் அது 00012ஆகவே இருந்தது. எழுத்துத் தொடராகப் பார்த்தால் இரண்டும் வேறு. நான் எழுதியிருந்தது சாதாரண `JOIN`. இணை இல்லாத வரியை அது பிழை என்று சொல்லாது. விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

சரி, 64 வரிகள் போயிருக்கின்றன. அப்படியானால் ஏன் மூன்று மட்டும் குறைவு? வேறு எங்கிருந்தோ 61 வரிகள் உள்ளே வந்திருக்க வேண்டும்.

```sql
SELECT kod_barang, count(*)
FROM barang
GROUP BY kod_barang
HAVING count(*) > 1;
```

வந்திருந்தன. அதே விலை மாற்றத்தின்போது சாம்பிராணி, தீப்பெட்டி, பிஸ்கட் மாதிரி சில சரக்குகளுக்குப் பழைய விலை வரியை அழிக்காமல் கீழே புதிய விலை வரியைச் சேர்த்திருக்கிறார்கள். பட்டியலில் அந்த எண் இரண்டு முறை இருந்ததால், விற்ற ஒவ்வொரு சாம்பிராணியும் ஜாயினுக்குப் பிறகு இரண்டு சாம்பிராணி ஆனது. அன்றைக்கு அப்படிக் கூடியவை 61 வரிகள், 214.60 ரிங்கிட்.

2,316.50 போய், 214.60 வந்து, நிகரக் குறைவு 2,101.90. கணக்கு சென் பிசகாமல் முடிந்தது. அதோடு கல்லாவின் 1.35 சரிக்கட்டலையும் கழித்தால் அக்கா சொன்ன 2,100.55 வந்துவிடுகிறது.

சோதனை ஏன் OK சொன்னது

முதல் படியின் 4,871க்கும் கடைசி 4,809க்கும் இடையே 62 வரிகள், அதாவது 1.27 சதவீதம். நான் வைத்த எல்லை 2. அந்த 62இல் 59 நியாயமானவை, மீதி மூன்று அறுபத்து நான்குக்கும் அறுபத்தொன்றுக்கும் இடையிலான மிச்சம். சுத்தம் செய்யும் படியின் நியாயமான குறைவுக்காக வைத்த இடைவெளிக்குள், ஜாயின் படியின் தவறு போய் ஒளிந்துகொண்டது. இரண்டு படிகளுக்கும் தனித்தனியாகச் சோதனை இருந்திருந்தால் ஜாயின் படியில் ஒரே ஒரு வரி குறைந்தாலும் தெரிந்திருக்கும். ஏனென்றால் அந்தப் படியில் வரி குறையவும் கூடாது, கூடவும் கூடாது.

வரி எண்ணிக்கையை மட்டும் படிதோறும் பார்த்திருந்தால் போதுமா என்று பிறகு யோசித்தேன். அன்று 64ம் 61மாக இருந்தது. இன்னொரு நாளில் 60ம் 60மாக இருந்திருக்கலாம். பழைய இரவுகளைத் தோண்டியபோது அப்படி ஒரு நாள் உண்மையிலேயே இருந்தது. போனதும் 58, கூடியதும் 58. எண்ணிக்கை அச்சாகப் பொருந்தியது. தொகை மட்டும்தான் காட்டிக்கொடுத்தது, ஏனென்றால் போனது அரிசி, கூடியது தீப்பெட்டி.

இருபத்து மூன்று நாள் யாருக்கும் தெரியாமல் போனதற்கு இரண்டு காரணங்கள். தீபாவளி நெருங்க நெருங்க விற்பனை ஏறிக்கொண்டே வந்ததால், போன மாதத்தைவிட இந்த மாதம் அதிகம் என்றே டாஷ்போர்டு காட்டியது. முதலாளிக்கு மகிழ்ச்சி. அடுத்தது அந்த 28 நாள் சராசரி. அரிசியின் விற்பனை சுழியமானதும் பட்டியல் உடனே சுழியம் காட்டவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு நல்ல நாள் சராசரியிலிருந்து கழன்று விழ, மூட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. கிடங்கில் உள்ளவர்களுக்கு அது கடையில் விற்பனை குறைகிறது என்பது போலத்தான் தெரிந்தது.

எடுத்த முடிவுகள்

முதல் வேலை அரிசி. அன்று மாலையே கடைகளைக் கூப்பிட்டுக் கையால் எழுதிய பட்டியலை வைத்து லாரி போனது. பிறகு சரக்குப் பட்டியலைத் திருத்தி, 23 நாளையும் முதல் படியின் அட்டவணையிலிருந்து மறுபடி ஓட்டினோம். வந்த கோப்புகளை மாற்றாமல் அப்படியே வைத்திருந்ததால் இது முடிந்தது. மொத்தம் விடுபட்டிருந்தது 46,912.30 ரிங்கிட். கல்லாவில் பணம் சரியாகவே இருந்ததால் உண்மையான காசு எதுவும் போகவில்லை. போனது சரியான கொள்முதலும், ஒரு வாரத்து அரிசி வியாபாரமும்.

சோதனையை எப்படி மாற்றுவது என்பதில் முதலாளியோடு ஒரு வாக்குவாதம் நடந்தது. எந்தப் படியில் எண்ணிக்கையோ தொகையோ பொருந்தாவிட்டாலும் பைப்லைன் நின்றுவிட வேண்டும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "காலையில ஏழு மணிக்கு எனக்கு ரிப்போர்ட் வேணும்பா. புதுசா ஒரு ஊறுகாய் பாட்டில் பட்டியல்ல இல்லங்கிறதுக்காக ஒன்பது கடைக் கணக்கும் நிக்கணுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. புதிய சரக்கு கடைக்கு முதலில் வந்து, பட்டியலில் இரண்டு நாள் கழித்து ஏறுவது வழக்கமாக நடப்பது. கடைசியில் இப்படிப் பிரித்தோம். இணை கிடைக்காத வரியை விடுவதில்லை. `LEFT JOIN` செய்து, 99999 என்ற எண்ணில் "தெரியாத சரக்கு" என்ற தலைப்பின் கீழ் போடுகிறோம். மொத்த விற்பனை சரியாக இருக்கும், சரக்குவாரியான விவரம் மட்டும் காத்திருக்கும். அந்தத் தலைப்பில் எவ்வளவு தொகை நிற்கிறது என்பது டாஷ்போர்டின் மேலேயே தெரியும். ஆனால் வரிகள் கூடினாலோ, உள்ளே போன தொகையும் வெளியே வந்த தொகையும் ஒரு சென் மாறினாலோ, பைப்லைன் நிற்கும். புதிய சரக்கு வருவது இயல்பு. விற்ற ஒன்று இரண்டாவது எந்த நாளிலும் இயல்பு அல்ல.

ஒவ்வொரு படியும் இப்போது ஒரு பதிவு அட்டவணையில் எழுதுகிறது. விதி ஒன்றுதான்: உள்ளே வந்தது, வெளியே போனதும் காரணத்தோடு ஒதுக்கியதும் சேர்ந்ததற்குச் சமம். வரியிலும் சரி, தொகையிலும் சரி. திருத்திய பிறகு அதே நாள் இப்படி வந்தது:

```
langkah  masuk  keluar  ditolak  beza_jumlah
muat     4871   4871    0        0.00
bersih   4871   4812    59       0.00
padan    4812   4812    0        0.00
```

(இங்கே எல்லோரும் மலாய் தலைப்புகளையே வைப்பது பழக்கம். ஏற்றுவது, சுத்தம், பொருத்துவது என்று மூன்று படிகள். உள்ளே, வெளியே, ஒதுக்கியது, தொகை வித்தியாசம் என்று நான்கு எண்கள்.) ஒதுக்கிய 59ம் தனி அட்டவணையில், "ரத்து" அல்லது "இரட்டிப்பு" என்ற காரணத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. சதவீத எல்லை எங்கேயும் கிடையாது. உண்மையில் இது கடைவாரியாக எழுதப்படுகிறது, மேலே இருப்பது அதன் கூட்டல். ஒரு கடையின் விற்பனை இன்னொரு கடையின் பெயரில் ஏறினால் மொத்தம் மாறாது என்பதால் இப்படிச் செய்தோம்.

எண்களை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. முன்பு வெளியே போன வரிகளின் எண்ணிக்கையை நிரலின் உள்ளேயே, எழுதுவதற்கு முன்னால் எண்ணிக்கொண்டிருந்தேன். அது நான் எழுத நினைத்ததன் எண்ணிக்கை. இப்போது எழுதி முடித்த பிறகு அட்டவணையிடமே புதிதாகக் கேட்கிறோம். தொடக்கத்திலும் அதே மாதிரி: கோப்பை நாமே கூட்டுவதோடு நிற்காமல், ரத்துகளையும் இரட்டிப்புகளையும் கழித்த பிறகு கடைவாரியான தொகை, Z அறிக்கையின் தொகையோடு 5 சென் சரிக்கட்டலைச் சேர்த்துப் பொருந்த வேண்டும். அந்த எண் பைப்லைனுக்கு வெளியே பிறந்தது. என் நிரலில் உள்ள தவறு அதைத் தொட முடியாது.

சரக்கு எண்களையே கூட்டி ஒரு சரிபார்ப்பு எண் வைக்கலாமே என்று புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார். கணக்காளர்கள் அர்த்தமில்லாத எண்களைக் கூட்டிச் சரிபார்ப்பது பழைய வழக்கம்தான். ஆனால் பட்டியலை எக்செலில் திறப்பதற்கு முன்னும் பின்னும் அப்படிக் கூட்டியிருந்தால், 00012ம் 12ம் கூட்டலில் ஒன்றுதான். இரட்டித்த எண்களை அது காட்டியிருக்கும், சுழியம் போனதைக் காட்டியிருக்காது. விற்பனை வரிகளில் பில் எண்களைக் கூட்டுகிறோம், அதில் ஒரு வரி போய் இன்னொன்று வந்தால் தெரிந்துவிடும்.

கடைசியாக, பட்டியலின் வாசலிலேயே ஒரு பூட்டு: `kod_barang` மேல் `UNIQUE` கட்டுப்பாடு. எண் ஐந்து இலக்கம் இல்லையென்றால் பட்டியல் ஏறவே ஏறாது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

அதன் பிறகு நடந்தது

முதல் வாரத்தில் தெரியாத சரக்கில் தினமும் ஏதாவது நின்றது. கொள்முதல் பிரிவுக்கு அது எரிச்சல். இரண்டாவது மாதத்தில் அவர்களே காலையில் முதலில் அதைப் பார்த்து எண் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்றாவது மாதம் பைப்லைன் ஒரு இரவு உண்மையாகவே நின்றது. பட்டர்வொர்த் கடையில் இரண்டாவது கல்லா வைத்திருந்தார்கள். அதுவும் தன் பில் எண்ணை 1இலிருந்து தொடங்கியிருந்தது. என் அட்டவணையில் கடை, பில், வரி மூன்றும் சேர்ந்ததுதான் தனித்த அடையாளம். சுத்தம் செய்த வரிகளை எழுதும் கட்டளையில் `ON CONFLICT DO NOTHING` இருந்தது, மறுபடி ஓட்டினால் இரட்டிப்பாகக் கூடாது என்பதற்காக நானே போட்டது. அடையாளம் மோதிய 27 வரிகளை அது சத்தமில்லாமல் தவிர்த்துவிட்டது. பழைய முறையில் நான் எழுத நினைத்த எண்ணிக்கை சரியாகவே இருந்திருக்கும். அட்டவணையிடம் கேட்டதால் 27 குறைவு என்று அன்றிரவே வந்தது. கல்லா எண்ணையும் அடையாளத்தில் சேர்த்தோம்.

சோதனை தவறவிட்டதும் உண்டு. ஒரு மழை நாளில் தீவுப் பக்கம் ஒரு கடையில் இணையம் முழுக்கப் போய்விட்டது. கோப்பும் வரவில்லை, அதே வழியில் வரும் Z தொகையும் வரவில்லை. அந்தக் கடைக்கு உள்ளே சுழியம், வெளியே சுழியம், வித்தியாசம் சுழியம். எல்லாம் பச்சை. காலையில் அக்காதான், "எட்டு கடைதான் இருக்கு, ஒன்பதாவது எங்க?" என்று கேட்டார். இப்போது எந்தக் கடை எந்த நாளில் திறந்திருக்கும் என்ற நாட்காட்டி ஒன்று பைப்லைனுக்கு வெளியே இருக்கிறது. திறந்திருக்க வேண்டிய கடையிலிருந்து சுழியம் வந்தால் அது பொருத்தமாகக் கொள்ளப்படாது.

இனி மாற்ற நினைப்பவை

இன்றைய சோதனைகள் எதையும் தொலைக்கவில்லை என்று சொல்லும். சரியான இடத்தில் வைத்தோம் என்று சொல்லாது. சரக்குப் பட்டியலில் யாராவது அரிசியின் எண்ணுக்கு நேரே எண்ணெயின் பெயரை எழுதிவிட்டால், வரியும் பொருந்தும், தொகையும் பொருந்தும், லாரியில் தவறான மூட்டை ஏறும். அதற்குச் சரக்குவாரியாக முந்தைய வாரத்தோடு ஒப்பிடும் ஒரு பார்வை வேண்டும். தினம் விற்ற ஒரு சரக்கு திடீரென்று சுழியமானால் காட்டும் எளிய பட்டியல் ஒன்று. அது மட்டும் இருந்திருந்தால் 00012 இரண்டாவது நாளே அகப்பட்டிருக்கும்.

நள்ளிரவு தாண்டி மூடும் கடைகளும் இன்னும் தொல்லை தருகின்றன. பண்டிகைக் காலத்தில் 12.40க்குப் போட்ட பில் Z அறிக்கையில் நேற்றைய கணக்கு, கோப்பில் இன்றைய தேதி. இப்போதைக்கு கல்லா திறந்து மூடும் எண்ணை வைத்துத்தான் ஒரு நாள் என்று கணக்கிடுகிறோம், தேதியை வைத்து அல்ல. ஏழு கடைகளில் அது சரியாக வருகிறது. மற்ற இரண்டில் கல்லா இயந்திரம் பழையது, அந்த எண்ணைக் கோப்பில் தருவதில்லை. அந்த இரண்டுக்கும் அக்கா இன்னும் காகிதத்தைப் பார்த்து, பென்சிலால் டிக் போடுகிறார்.